‘பார்த்துப் பண்ணுங்க’ என்று எழுதினால் ஓனருக்கு என்ன புரியும்?

காய்கறிக் கடையில், ஆட்டோ ஸ்டாண்டில், கல்யாண மண்டபத்தில் அட்வான்ஸ் கொடுக்கும்போது என்று எல்லா இடத்திலும் செல்லுபடியாகும் ஒரு வாக்கியம் நம்மிடம் உண்டு: “கொஞ்சம் பார்த்துப் பண்ணுங்க.” மரியாதையான வாக்கியம்தான். எதிரில் இருப்பவர் முகம் தெரியும்போது, அவரும் ஒரு தொகையைச் சொல்லி நாமும் ஒரு தொகையைச் சொல்லும்போது, அது நன்றாகவே வேலை செய்கிறது. கடை வாடகை விஷயமாக ஓனருக்கு மின்னஞ்சல் எழுத உட்காரும் வியாபாரிகளில் பலர் அதையே எழுத்திலும் வைத்துவிடுகிறார்கள். ‘வியாபாரம் மிகவும் மந்தமாக உள்ளது. தாங்கள் பெரிய மனது வைத்து ஆவன செய்யுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்’ என்று முடிகிறது கடிதம். தாலுகா ஆபீஸ் மனு நடை.

இதைப் படிக்கும் ஓனர் என்ன செய்வார்? எவ்வளவு குறைக்கச் சொல்கிறார், எத்தனை மாதத்துக்கு, எப்போது பழையபடி ஆகும் என்று எதுவுமே அதில் இல்லை. ‘சரி’ என்று சொல்வதற்குக்கூட அவர் உட்கார்ந்து யோசிக்க வேண்டும். யோசிக்கச் சோம்பல்பட்டு மெயிலை மூடிவிடுவார். பத்து நாள் கழித்து வாடகைதாரர் போன் செய்தால், “பார்க்கலாம்ப்பா” என்பார்.

ஒரு கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு பேசினால் விஷயம் தெளிவாகும். சென்னை ஆற்காடு சாலையில் மூக்குக்கண்ணாடிக் கடை நடத்தும் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். சூழ்நிலை கற்பனை இல்லை. மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்டத்தில் கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லிக்குப் போகும் தடம் வடபழனி, சாலிகிராமம், வளசரவாக்கம் வழியாக அந்தச் சாலையின் மேலேதான் போகிறது. தூண் எழுப்பும் வேலை நடந்த காலத்தில் சாலை நடுவே தகரத் தடுப்புகள், போக்குவரத்து மாற்றம், வண்டி நிறுத்த இடமில்லாமை எல்லாம் சேர்ந்து அங்கிருந்த கடைகளை நன்றாகவே நெருக்கின.

நம் கண்ணாடிக் கடைக்காரர் 2021 ஜூன் 1 முதல் ஐந்து ஆண்டுக்குப் பதிவு செய்த குத்தகையில் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மாத வாடகை 50,000 ரூபாய். அட்வான்ஸ் பத்து மாத வாடகை, அதாவது 5 லட்சம். மூன்று ஆண்டு முடிந்ததும் 15 சதவீதம் ஏற்றம் என்று ஒப்பந்தம் சொல்கிறது. ஆகவே 2024 ஜூன் 1 முதல் 57,500 ரூபாய் கட்ட வேண்டும். கடை வாசலில் தடுப்பு நிற்கிறது. மாதத்துக்குச் சராசரியாக 310 பில் போட்ட கடையில் இப்போது 205தான் போகிறது.

முதல் முடிவு மெயில் எழுதுவதற்கு முன்பே எடுக்க வேண்டியது: எப்போது எழுதுவது? மே மாதக் கடைசியில் எழுதினால் அது கோரிக்கையாகத் தெரியாது, கட்ட முடியாமல் கடைசி நேரத்தில் சொல்லும் சாக்காகத் தெரியும். ஏற்றம் வருவதற்கு இரண்டரை மாதம் முன்பு, மார்ச் நடுவில் எழுதினால், ஓனருக்கு வீட்டில் பேசிக்கொள்ளவும், ஆடிட்டரிடம் கேட்கவும், பதிலுக்கு ஒரு தொகை சொல்லவும் நேரம் இருக்கும்.

இரண்டாவது, மெயிலுக்கு முன்னால் ஒரு போன். மூன்று ஆண்டாக வாடகை ஒழுங்காக வாங்கிக்கொண்டு, தீபாவளிக்கு ஸ்வீட் பாக்ஸ் வாங்கிக்கொண்டிருக்கும் ஒருவருக்குத் திடீரென்று பிரிவு எண், தேதி எல்லாம் போட்ட மெயில் போய் விழுந்தால் அது வக்கீல் நோட்டீஸ் மாதிரிதான் இருக்கும்.

“ஐயா, வாடகை ஏத்தம் விஷயமா ஒரு மெயில் அனுப்பலாம்னு இருக்கேன். அம்மாவும் நீங்களும் படிச்சுப் பார்த்துட்டுச் சொல்லுங்க.”

“ஏம்ப்பா, காலி பண்றியா?”

“ஐயோ, இல்லைங்க ஐயா. இருக்கறதுக்காகத்தான் கேக்கறேன்.”

இந்த மூன்று வரி போதும். ஓனர் முதலில் கேட்கும் கேள்வி எப்போதும் ‘காலி பண்றியா’தான். அதில் பாசம் பாதி, பயம் பாதி. பயத்தின் காரணத்தைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கடை காலியானால் 5 லட்சம் அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும். அந்தப் பணம் மூன்று ஆண்டுக்கு முன்பே மகள் கல்யாணத்திலோ வீட்டு மாடியிலோ போய்ச் சேர்ந்திருக்கும். வாசலில் தடுப்பு நிற்கும் கடைக்குப் புது ஆள் வர இரண்டு மாதம் ஆனால் 1,15,000 ரூபாய் வாடகை போயிற்று. புரோக்கருக்கு ஒரு மாத வாடகை கொடுப்பதென்றால் அது தனி. பெயின்ட், ஒயரிங் தனி.

இந்தக் கணக்கு வாடகைதாரருக்குத் தெரிந்திருக்க வேண்டும், ஆனால் மெயிலில் ஒரு வரிகூட வரக்கூடாது. எழுதினால் அது மிரட்டல். ‘வேறு இடத்தில் குறைந்த வாடகைக்குக் கடை கிடைக்கிறது’ என்று ஒரு வாக்கியம் சேர்த்தால், அதோடு மரியாதை போய்விடும். ஓனரும் ‘அப்படியா, போய்க்கொள்’ என்ற இடத்துக்கு வந்துவிடுவார். அந்தக் கணக்கை அவரே போட்டுக்கொள்வார். வாடகைதாரர் செய்ய வேண்டியது, அந்தக் கணக்கில் தன் கோரிக்கை சிறிய தொகையாகத் தெரியும்படி கேட்பது மட்டும்தான்.

என்ன கேட்பது? ‘ஏற்றமே வேண்டாம்’ என்று கேட்டால் ஓனர் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தையே மறுத்ததாக ஆகும். நம் கடைக்காரர் இப்படிக் கேட்கலாம்: 15 சதவீதத்தில் 5 சதவீதம் இந்த ஜூனில், மீதி 10 அடுத்த ஜூனில். அதாவது முதல் பன்னிரண்டு மாதம் 52,500. அதன்பின் ஒப்பந்தப்படியே 57,500. மாதம் 5,000 வீதம் ஓனர் விட்டுக்கொடுப்பது மொத்தம் 60,000 ரூபாய். பதிலுக்கு அவர் தருவது என்ன? ஒப்பந்தத்தில், மூன்று மாத நோட்டீஸ் கொடுத்துவிட்டு எப்போது வேண்டுமானாலும் காலி செய்யும் உரிமை வாடகைதாரருக்கு இருக்கிறது. அந்த உரிமையைக் குத்தகை முடியும் 2026 மே 31 வரை பயன்படுத்தமாட்டேன் என்று எழுதித் தருகிறார். வியாபாரப் பேச்சில் இதற்கு ‘லாக்-இன்’ என்று பெயர். ஓனருடைய பயத்துக்கு நேரான மருந்து இது. சும்மா தரக்கூடிய உறுதிமொழியும் இல்லை. நாளை வியாபாரம் இன்னும் படுத்தாலும் வெளியேற முடியாது என்பதைப் புரிந்துகொண்டுதான் தர வேண்டும்.

இனி மெயில்.

*பொருள்: ஆற்காடு சாலைக் கடை – 1.6.2024 வாடகை உயர்வில் ஓராண்டுக்கு மட்டும் மாற்றம் வேண்டி*

*மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,*

*வணக்கம். நேற்று போனில் பேசியபடி எழுதுகிறேன்.*

*நம் குத்தகை ஒப்பந்தப்படி வரும் ஜூன் 1 முதல் வாடகை 15 சதவீதம் உயர்ந்து மாதம் 57,500 ரூபாய் ஆகிறது. அந்த உயர்வை நான் ஏற்றுக்கொண்டுதான் கையெழுத்திட்டேன். அதில் எனக்கு மறுப்பு இல்லை.*

*மெட்ரோ வேலைக்காகக் கடை வாசலில் தடுப்பு வைத்த பிறகு வாடிக்கையாளர் வரவு குறைந்திருக்கிறது. முன்பு மாதம் சராசரியாக 310 பில் போட்டோம். கடந்த மூன்று மாதச் சராசரி 205. வாசலின் படம் இரண்டு இணைத்திருக்கிறேன்.*

*என் கோரிக்கை: 1.6.2024 முதல் 31.5.2025 வரை மாத வாடகை 52,500 ரூபாயாக இருக்கட்டும். 1.6.2025 முதல் ஒப்பந்தப்படி 57,500 ரூபாய் செலுத்துகிறேன். இடைப்பட்ட ஓராண்டில் குறையும் 60,000 ரூபாயைத் தள்ளுபடியாகவே கேட்கிறேன். மற்ற நிபந்தனைகள் எதுவும் மாற வேண்டியதில்லை.*

*என் பக்கத்திலிருந்து, 31.5.2026 வரை கடையைக் காலி செய்யமாட்டேன் என்று எழுதித் தருகிறேன். சம்மதமானால் அதற்கான பத்திரச் செலவும் என்னுடையது.*

*ஏப்ரல் 15க்குள் தங்கள் முடிவைச் சொன்னால் உதவியாக இருக்கும். நேரில் வரச் சொன்னாலும் வருகிறேன். முடிவு எதுவானாலும் வாடகை வழக்கம்போல் 5ஆம் தேதிக்குள் வந்துவிடும்.*

*இப்படிக்கு,*

கீழே பெயர், கடை முகவரி, கைபேசி எண். அவ்வளவுதான்.

இதில் ‘மதிப்பிற்குரிய’வும் ‘வணக்க’மும் மரியாதைதான். ஆனால் ஓனர் மரியாதையாக உணரும் வாக்கியம் ‘அதில் எனக்கு மறுப்பு இல்லை’ என்பது. தன் உரிமையை வாடகைதாரர் மறுக்கவில்லை என்று தெரிந்தபிறகு அதில் கொஞ்சம் விட்டுக்கொடுப்பது பெருந்தன்மை ஆகிறது. அந்த வாக்கியம் இல்லாவிட்டால் அதே விட்டுக்கொடுத்தல் தோல்வியாகத் தெரியும்.

பில் எண்ணிக்கையைக் கொடுத்ததற்கும் காரணம் உண்டு. சிலர் உண்மையாக இருக்கிறேன் என்று லாப நட்டக் கணக்கு, வங்கிக் கடன் தவணை, சம்பள பாக்கி என்று எல்லாவற்றையும் கொட்டிவிடுவார்கள். அதைப் படிக்கும் ஓனருக்கு இரக்கம் வராது, கவலை வரும்: இவன் அடுத்த மாதமே கட்டமாட்டான் போலிருக்கிறதே, இப்போதே வேறு ஆள் பார்த்தால் என்ன? கடை நடக்கிறது, வரவு மட்டும் குறைந்திருக்கிறது, அதன் காரணம் வெளியே நிற்கிறது, அது ஒருநாள் போய்விடும். இந்த நான்கும் தெரிந்தால் போதும். ஒரே காரணம், ஒரே எண், ஒரு படம்.

எல்லாவற்றையும்விட முக்கியமான சொல் ‘தள்ளுபடி’. இதில்தான் பின்னால் பெரிய சண்டைகள் வருகின்றன. ‘இந்த வருஷம் கொஞ்சம் குறைச்சுக் கொடு’ என்று ஓனர் போனில் சொன்னார். வாடகைதாரர் அதைத் தள்ளுபடி என்று எடுத்துக்கொண்டார். ஓனர் மனதில் இருந்ததோ தள்ளிப்போடல். அடுத்த ஜூனில் பழைய பாக்கி 60,000 ரூபாயைக் கேட்பார். அல்லது காலி செய்யும் நாளில் அட்வான்ஸிலிருந்து கழித்துக்கொள்வார். தள்ளிப்போடல்தான் என்றால் அதுவும் நியாயமான ஏற்பாடுதான். அடுத்த ஆண்டு 57,500-உடன் மாதம் 5,000 சேர்த்து 62,500 கட்ட வேண்டும் என்று அப்போதே தெரிந்துவிடும். மெயிலில் இந்தச் சொல்லை விட்டுவிட்டால் இருவருமே நேர்மையாக இருந்தும் சண்டை வரும்.

அதேபோல் ‘ஒரு வருஷத்துக்கு’ என்பதும் ஆபத்தான சொல். ஜூனிலிருந்து மேயா, மார்ச்சோடு முடியும் நிதியாண்டா? தேதி போட்டால் பிரச்சினை இல்லை. தொகை ஜிஎஸ்டி சேர்த்தா, நீங்கலாகவா என்பதையும் ஓனர் வரி கட்டுபவராக இருந்தால் எழுதிவிட வேண்டும். 2024 அக்டோபர் 10 முதல் இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொண்டது. ஜிஎஸ்டி பதிவில்லாத ஓனரிடம் பதிவுள்ள வியாபாரி கடை எடுத்திருந்தால், 18 சதவீத வரியை அந்த வியாபாரியே நேரடியாகக் கட்ட வேண்டும் என்று விதி மாறியது. உள்ளீட்டு வரியாகத் திரும்பப் பெற முடியாதவர்களுக்கு அது கூடுதல் செலவு. அதைக் காரணமாகச் சொல்லி வாடகை குறைக்கக் கேட்பவர்கள் அந்த வரி ஓனருக்குப் போவதில்லை என்பதை மறந்துவிட்டு எழுதினால், ஓனர் எரிச்சலாவார்.

மெயில் யாருக்கு? ஒப்பந்தத்தில் ஓனராகக் கையெழுத்துப் போட்ட எல்லாருக்கும். நம் உதாரணத்தில் அண்ணனும் தங்கையும் கூட்டாகச் சொத்து வைத்திருப்பதால் ‘ஐயா, அம்மா’ என்று இருவரையும் விளித்திருக்கிறார். வாடகையை வாங்குபவர் அண்ணன்தானே என்று அவருக்கு மட்டும் அனுப்பினால், அவர் சொன்ன ‘சரி’ தங்கையைக் கட்டுமா என்ற கேள்வி எழும். அதைவிடப் பெரிய விஷயம், தன்னைக் கேட்கவில்லை என்ற வருத்தம் அந்த அம்மாவுக்கு வந்துவிடும். வெளிநாட்டில் இருக்கும் மகன்தான் மெயிலெல்லாம் பார்ப்பான் என்றால் அவரையும் சேர்த்துக்கொள்ளலாம். அவருக்கு மட்டும் அனுப்புவது அப்பாவை ஒதுக்கியதாகிவிடும்.

சம்மதம் வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். ‘ஓகே’ என்று ஒரு வரி பதில் மெயிலில் வந்திருக்கிறது. இதோடு வாடகை மாறிவிட்டதா? இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். மின்னணு முறையில் செய்துகொள்ளும் ஒப்பந்தம் செல்லும் என்று தகவல் தொழில்நுட்பச் சட்டம் சொல்வது உண்மைதான். ஆனால் ஓராண்டைத் தாண்டும் குத்தகைக்கு 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் பதிவு கேட்கிறது. பதிவு செய்த பத்திரத்தின் நிபந்தனையைப் பிறகு வாய்ப்பேச்சில் மாற்றிக்கொண்டோம் என்று நிரூபிக்கப் பழைய சாட்சியச் சட்டம் இடம் தரவில்லை. 2024 ஜூலை 1இல் அதன் இடத்துக்கு வந்த புதிய சட்டத்திலும் அந்த ஏற்பாடு அப்படியே இருக்கிறது. மெயில் என்பது வாய்ப்பேச்சைவிட எவ்வளவோ மேல், ஆனால் பதிவுப் பத்திரம் இல்லை. சொத்து கைமாறினாலோ, ஓனர் காலமாகி வாரிசுகள் வந்தாலோ, அந்த ‘ஓகே’யை யாரிடம் காட்டுவது?

ஓராண்டுக்கு மட்டும் தொகையைக் குறைத்து வாங்கிக்கொள்வதை ஓனர் கையெழுத்திட்ட ஒரு சலுகைக் கடிதமாக வாங்கி வைத்துக்கொள்ளலாம். தனக்கு வரவேண்டியதில் ஒரு பகுதியை ஒருவர் விட்டுக்கொடுக்க ஒப்பந்தச் சட்டத்தின் 63ஆம் பிரிவு வழிவிடுகிறது. ஆனால் நம் கடைக்காரர் லாக்-இன்னும் தருகிறார். குத்தகையின் நிபந்தனையே மாறுவதால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்த துணை ஒப்பந்தம்தான் பத்திரம். மெயிலில் ‘பத்திரச் செலவு என்னுடையது’ என்று முதலிலேயே எழுதியதற்கு இதுதான் காரணம். வக்கீல் ஒருமுறை பார்த்துவிடட்டும்.

ஓனர் இல்லாமல், கிடங்கு நிறுவனமோ, கட்டடப் பராமரிப்பு நிறுவனமோ எதிரில் இருந்தால் நடை கொஞ்சம் மாறும். அங்கே மெயிலைப் படிப்பவருக்கு முடிவெடுக்கும் அதிகாரம் இருக்காது, தன் மேலதிகாரிக்கு அதை அப்படியே அனுப்புவார். ஆகவே நமக்கும் அவருக்கும் இடையிலான நட்புப் பேச்சு அதில் இருக்கக்கூடாது. ஒப்பந்த எண், எந்த இணைப்பில் எந்த வரி மாற வேண்டும் என்பது முதல் பத்தியிலேயே தெரிய வேண்டும். இரவு எட்டு மணி வரை இருந்த ஜெனரேட்டர் சேவையைப் பத்து மணி வரை நீட்டக் கேட்கிறோம் என்றால், டீசல் செலவு யாருடையது என்பதையும் நாமே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் அதே கேள்வியோடு மெயில் திரும்பி வரும்.

பதிலே வராவிட்டால்? ஏப்ரல் 15 தாண்டிவிட்டது, வாட்ஸ்அப்பில் நீல நிற டிக் மட்டும் விழுந்திருக்கிறது, ஜூன் நெருங்குகிறது. இந்த நேரத்தில்தான் சிலர் தாமாகவே 52,500 அனுப்பிவிட்டு, ‘ஓனர் எதுவும் சொல்லவில்லையே’ என்று இருந்துவிடுகிறார்கள். மௌனம் சம்மதமாகாது. அது வாடகை பாக்கி. கொரோனா ஊரடங்கின்போதுகூட இது சோதிக்கப்பட்டது. டெல்லி கான் மார்க்கெட்டில் கடை வைத்திருந்த வாடகைதாரர்கள் ஊரடங்கு காலத்து வாடகையை நிறுத்திவைக்கக் கேட்டபோது, 2020 மே மாதம் டெல்லி உயர் நீதிமன்றம் அதற்கு மறுத்தது. கட்ட வேண்டிய தேதிகளைக் கொஞ்சம் தள்ளிக்கொள்ள மட்டும் இடம் கொடுத்தது. கடையைத் திறக்கவே முடியாத காலத்துக்கே அந்த நிலை என்றால், வாசலில் தடுப்பு நிற்கும் கடைக்கு என்ன சொல்வார்கள் என்று யோசித்துக்கொள்ளலாம்.

ஆகவே ஜூன் 5க்குள் முழுத் தொகையான 57,500 போய்விட வேண்டும். அன்றே பழைய மெயிலுக்குக் கீழே ஒரு சின்னப் பதில்: ‘ஐயா, அம்மா, ஜூன் மாத வாடகை 57,500 ரூபாயை ஒப்பந்தப்படி இன்று அனுப்பியிருக்கிறேன். என் கோரிக்கை இன்னும் தங்கள் பரிசீலனையில் இருப்பதாக எடுத்துக்கொள்கிறேன். சம்மதித்தால், கூடுதலாகக் கட்டிய தொகையை அடுத்த மாத வாடகையில் கழித்துக்கொள்ள அனுமதி வேண்டுகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டில் இருப்பீர்களானால் நேரில் வந்து பார்க்கிறேன்.’